சுரங்கம் முதல் நகைக்கடை வரை: தங்கத்தின் விலை எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது?

புது தில்லி: 2024-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தபோது, தங்கத்தின் மீதான இறக்குமதிச் சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்படுவதாக அறிவித்தார். அன்றே எம்.சி.எக்ஸ் பண்டகச் சந்தையில் 10 கிராம் தங்கத்தின் விலை சுமார் 4,000 ரூபாய் சரிந்தது. லண்டன் சந்தையிலோ அன்றைய தினம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை. ஓர் அவுன்ஸ் தங்கம் 2,400 டாலரையொட்டியே விற்பனையானது.

ஒரே உலோகம், ஒரே நாளில், ஓரிடத்தில் அசையாமலும் மற்றோரிடத்தில் சரிந்தும் காணப்பட்டதன் காரணம், தங்கம் கடந்து வரும் பாதையில் இருக்கிறது. சுரங்கத்தில் வெட்டப்படும் தங்கம் சுத்திகரிப்பு ஆலை, புல்லியன் வங்கி, இறக்குமதி செய்யும் இந்திய வங்கி, மொத்த வணிகர் ஆகியோரைக் கடந்தே நகைக்கடையை அடைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் செலவு உண்டு. ஆனால் அச்செலவுகள் அனைத்தும் விலையின் மீது ஏற்றப்படுவதில்லை. லண்டன் விலையே இதில் பிரிகோடு. அதற்கு முந்தைய செலவுகள் சுரங்க நிறுவனத்தின் வருவாயிலிருந்து கழிக்கப்படுகின்றன. அதற்குப் பிந்தையவை வாங்குபவரின் கணக்கில் சேர்க்கப்படுகின்றன.

இதை விளக்க, அந்த ஜூலை மாதத்தை ஒட்டிய இரண்டு எண்களை இங்கே அடிப்படையாகக் கொள்ளலாம்: அவுன்ஸுக்கு 2,400 டாலர், டாலருக்கு 83.70 ரூபாய். தங்கத்தை நிறுக்கப் பயன்படும் டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம் எடை கொண்டது. இதன்படி 10 கிராம் சொக்கத்தங்கத்தின் லண்டன் மதிப்பு சுமார் 64,585 ரூபாய்.

சுரங்கமும் டோரே கட்டியும்

இந்தியாவில் தங்கச் சுரங்கத் தொழில் மிகச் சிறியது. கோலார் தங்க வயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, கர்நாடக மாநிலம் ராய்ச்சூர் மாவட்டத்திலுள்ள ஹட்டி சுரங்கமே நாட்டின் முதன்மைச் சுரங்கமாக இருந்து வருகிறது. அங்கு ஆண்டுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு டன் தங்கம் மட்டுமே. நாட்டின் ஆண்டுத் தேவை 700 முதல் 800 டன் வரை என்பதால், ஏறக்குறைய முழுத் தேவையும் வெளிநாடுகளிலிருந்தும் பழைய நகைகளை உருக்குவதிலிருந்தும் நிறைவு செய்யப்படுகிறது.

திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒரு டன் பாறையில் ஒன்று அல்லது இரண்டு கிராம் தங்கம் இருந்தாலே அதைத் தோண்டுவது இலாபகரமாக இருக்கக்கூடும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து, அதைக் கரியில் ஒட்டவைத்து, பின்னர் மின்பகுப்பின் மூலம் பிரித்து உருக்குகிறார்கள். இவ்வாறு கிடைக்கும் கரடுமுரடான கட்டிக்கு டோரே என்று பெயர். அதில் தங்கத்துடன் வெள்ளியும் செம்பு முதலிய பிற உலோகங்களும் கலந்திருக்கும்.

சுரங்கத்தைத் தடையின்றி இயக்குவதற்கு ஆகும் மொத்தச் செலவை ஓர் அவுன்ஸுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் முறையை உலகத் தங்கக் கவுன்சில் 2013-இல் அறிமுகப்படுத்தியது. 2024-இல் இந்தச் செலவின் உலகச் சராசரி 1,400 டாலரைத் தாண்டியிருந்தது. அதை 1,450 டாலர் என்று கொண்டால், 10 கிராமுக்கு சுமார் 39,000 ரூபாய் ஆகிறது. எஞ்சிய 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையிலிருந்து சுரங்க நிறுவனம் வருமான வரியையும் கடனுக்கான வட்டியையும் செலுத்தி, புதிய சுரங்கங்களுக்கான முதலீட்டையும் இலாபத்தையும் ஈட்ட வேண்டும்.

டீசல் விலை உயர்ந்தாலும் தொழிலாளர் ஊதியம் உயர்ந்தாலும் சுரங்க நிறுவனம் அதைத் தங்கத்தின் விலையில் ஏற்ற முடியாது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. விலையை நிர்ணயிப்பது சந்தை. செலவு கூடினால் குறைவது நிறுவனத்தின் இலாபம். இந்தக் காரணத்தால், சுரங்கச் செலவைக் காட்டி நகை விலை உயர்வை விளக்க முற்படுவது பெரும்பாலும் பொருத்தமற்றது.

சுத்திகரிப்பு ஆலை: கூலியைவிடச் சோதனை முக்கியம்

உலகின் மிகப் பெரிய தங்கச் சுத்திகரிப்பு ஆலைகளில் பல சுவிட்சர்லாந்தில் உள்ளன. இத்தாலிய எல்லையை ஒட்டிய டிசினோ மாநிலத்தில் வால்காம்பி, பாம்ப், ஆர்கோர்-ஹெரயஸ் ஆகிய மூன்று ஆலைகள் சிறிய தொலைவுக்குள் அமைந்திருக்கின்றன. இவற்றுள் வால்காம்பியைப் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2015-இல் வாங்கியது. இந்தியாவில் ஹரியானாவின் மேவாத் பகுதியிலுள்ள எம்.எம்.டி.சி-பாம்ப் ஆலை, லண்டன் சந்தையின் அங்கீகாரம் பெற்றது.

டோரேயை உருக்கி, அதனுள் குளோரின் வாயுவைச் செலுத்தினால், வெள்ளியும் பிற உலோகங்களும் குளோரைடுகளாக மாறிப் பிரிந்துவிடும், சுமார் 99.5 சதவீதத் தூய்மை கிடைக்கும். அதற்கும் மேல் 99.99 சதவீதம் தேவையெனில் மின்பகுப்பு முறை கையாளப்படுகிறது. பெரிய அளவில் தங்கம் அனுப்பும் சுரங்கங்களிடம் இதற்காகப் பெறப்படும் கூலி அவுன்ஸுக்கு ஒரு சில டாலர்கள் மட்டுமே. இரண்டு டாலர் என்று வைத்துக்கொண்டால் 10 கிராமுக்கு 54 ரூபாய். இதுவும் சுரங்க நிறுவனத்துக்குச் சேர வேண்டிய தொகையிலிருந்து கழிக்கப்படுகிறது.

எனினும் இந்தக் கட்டத்தில் உண்மையான பணம் கூலியில் இல்லை. டோரேயில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்ற கணிப்பிலேயே அது இருக்கிறது. 20 கிலோ எடையுள்ள ஒரு டோரே கட்டியில் 85 சதவீதம் தங்கம் இருப்பதாகக் கொள்வோம். அதில் 17 கிலோ சொக்கத்தங்கம் உள்ளது. அவுன்ஸுக்கு இரண்டு டாலர் வீதம் அதைச் சுத்திகரிக்க ஆகும் கூலி சுமார் 91,500 ரூபாய். சோதனையில் 85 சதவீதத்துக்குப் பதிலாக 84.9 சதவீதம் என்று வந்தால், குறையும் தங்கம் 20 கிராம். அதன் மதிப்பு சுமார் 1.29 லட்சம் ரூபாய். சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், முழுக் கூலியையும் விஞ்சிய தொகை கைமாறிவிடும்.

ஆகவே சுரங்கத்திலும் ஆலையிலும் தனித்தனியே எடையிட்டு, மாதிரி எடுத்து, சோதனை செய்கிறார்கள். ஆலையில் கட்டி முழுவதையும் மீண்டும் உருக்கி, கலக்கி, உருகிய நிலையிலேயே மாதிரி எடுப்பது வழக்கம். ஏனெனில் இறுகிய கட்டியின் மேற்பகுதியிலும் அடிப்பகுதியிலும் உலோகக் கலவை ஒரே சீராக இருக்காது. இரு தரப்பு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு ஒப்பந்தத்தில் குறித்த வரம்புக்குள் இருந்தால் சராசரி ஏற்கப்படும். வரம்பைத் தாண்டினால், ஏற்கெனவே எடுத்து முத்திரையிட்டு வைத்த மாதிரி மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, அதன் அடிப்படையில் கணக்கு முடிக்கப்படும்.

இந்திய ஆலைகளின் இலாபம் வரி விகிதத்தில்

பெரு, கானா போன்ற நாடுகளிலிருந்து டோரே நேரடியாகவும் இந்தியாவுக்கு வருகிறது. சுத்திகரித்த கட்டிக்கு 6 சதவீதம் என்றால், டோரேயில் உள்ள தங்கத்துக்கு 2024 ஜூலை விகிதப்படி 5.35 சதவீத வரியே விதிக்கப்பட்டது. இந்த 0.65 சதவீத வித்தியாசம், வரி 15 சதவீதமாக இருந்த காலத்திலும் இருந்தது. உள்நாட்டு ஆலைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதே இச்சலுகையின் நோக்கம்.

மேற்கண்ட விலையில் ஒரு கிலோவுக்கு இச்சலுகையின் மதிப்பு சுமார் 42,000 ரூபாய், அதாவது அவுன்ஸுக்கு ஏறக்குறைய 15.6 டாலர். சுவிஸ் ஆலையின் சுத்திகரிப்புக் கூலியைப் போல இது பல மடங்கு. டோரேயைக் கொண்டுவரும் செலவு, அது சுத்திகரிக்கப்படும் வரையிலான வட்டி, சேதம் ஆகியவற்றை இதிலிருந்தே ஆலைகள் ஈடுகட்டுகின்றன. இதனைத் தவறாகப் பயன்படுத்தி, ஏறக்குறைய தூய தங்கத்தையே டோரே என்ற பெயரில் இறக்குமதி செய்யக்கூடும் என்பதால், தங்கச் சத்து 95 சதவீதத்துக்கு மிகாத கட்டிகளுக்கு மட்டுமே இச்சலுகை என்று சுங்க அறிவிக்கை வரம்பு விதித்துள்ளது.

லண்டனும் புல்லியன் வங்கிகளும்

லண்டன் மொத்தச் சந்தையில் புழங்கும் கட்டி சுமார் 400 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 12.5 கிலோ எடையுள்ளது. அதன் எடை 350 முதல் 430 அவுன்ஸ் வரை இருக்கலாம். தூய்மை குறைந்தது 99.5 சதவீதமாக இருக்க வேண்டும். நாள்தோறும் லண்டன் நேரப்படி காலை 10.30 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடைபெறும் மின்னணு ஏலத்தில் நிர்ணயமாகும் விலையே உலகெங்கும் ஒப்பந்தங்களுக்கு ஆதாரமாகிறது. எச்.எஸ்.பி.சி, ஜே.பி.மார்கன் உள்ளிட்ட சில பெரிய வங்கிகள் இங்கு தங்கத்தை வாங்கி, விற்று, கடனாகக் கொடுத்து, பாதுகாப்பறைகளில் வைத்து வருகின்றன. இவையே புல்லியன் வங்கிகள் எனப்படுகின்றன.

இந்திய நகை உற்பத்தியாளருக்கு 12.5 கிலோ கட்டியால் பயனில்லை. அவருக்குத் தேவை ஒரு கிலோ கட்டி. ஆகவே பெரிய கட்டிகள் சுவிஸ் ஆலைகளுக்குச் சென்று, ஒரு கிலோ கட்டிகளாக வார்க்கப்பட்டு விமானத்தில் இந்தியா வருகின்றன. வார்ப்புக் கட்டணம், விமானக் கட்டணம், காப்பீடு, பாதுகாப்பு ஆகிய அனைத்துக்கும் அவுன்ஸுக்கு மூன்று டாலர் என்று கொண்டால் 10 கிராமுக்கு 81 ரூபாய் ஆகிறது. விலையோடு ஒப்பிட, இது 0.13 சதவீதமே. எடைக்கு மதிப்பு மிக அதிகம் என்பதால், தங்கத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு செல்வது வியக்கத்தக்க அளவுக்கு மலிவானது.

மாறாக, காத்திருப்பதற்கு ஆகும் செலவு அதிகம். ஒரு கிலோ தங்கம் வாங்க 64.6 லட்சம் ரூபாய் முடங்குகிறது. ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்றால், ஒரு நாளைக்கு சுமார் 1,590 ரூபாய். 10 கிராமுக்கு 16 ரூபாய். ஐந்தே நாட்களில் வட்டி, சரக்குச் செலவைத் தொட்டுவிடும். இதனால்தான் தங்கம் பெரும்பாலும் ஒப்படைப்பு முறையில் வருகிறது. கட்டி இந்திய வங்கியின் பாதுகாப்பறைக்கு வந்து சேர்ந்தாலும், விலை நிர்ணயிக்கப்பட்டு விற்பனையாகும் வரை அது வெளிநாட்டுப் புல்லியன் வங்கிக்கே சொந்தம். நகை உற்பத்தியாளர்களில் பலர் தங்கத்தையே கடனாகப் பெற்று, நகை விற்றபின் அன்றைய விலையில் கணக்கு முடிக்கும் வசதியையும் பயன்படுத்துகின்றனர். இக்கடனுக்கான வட்டி பொதுவாக ரூபாய்க் கடனைவிடக் குறைவு. விலை ஏற்ற இறக்கத்தின் ஆபத்தும் இதில் மட்டுப்படுகிறது.

எல்லையில் கூடும் விலை

தங்கத்தை இறக்குமதி செய்ய அனைவருக்கும் அனுமதியில்லை. ரிசர்வ் வங்கி நியமித்த வங்கிகள், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் நியமித்த முகமைகள், குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் 2022 ஜூலையில் தொடங்கப்பட்ட சர்வதேச புல்லியன் பரிவர்த்தனை மையத்தின் வழியாக வாங்கத் தகுதி பெற்ற நகை நிறுவனங்கள் போன்றவையே இதைச் செய்யலாம்.

சுங்க வரியில் 5 சதவீதம் அடிப்படை வரி. 1 சதவீதம் வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு செஸ். 10 கிராமுக்கு இது சுமார் 3,880 ரூபாய். பழைய 15 சதவீத விகிதமாயின் 9,700 ரூபாய் ஆகியிருக்கும். வரியைக் கணக்கிடுவதற்கான அடிப்படை மதிப்பை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. இடைப்பட்ட நாட்களில் லண்டன் விலை வேகமாக ஏறினால், வரி பழைய குறைந்த மதிப்பின் மீதே கணக்கிடப்படும். விலை இறங்கினால் இறக்குமதியாளர் சற்று அதிகமாகச் செலுத்த நேரிடும்.

வரி உயர்ந்திருக்கும்போது கடத்தல் தங்கம் சந்தையின் கணக்கைக் குலைக்கிறது. 15 சதவீத வரிக் காலத்தில் ஒரு கிலோவுக்குத் தப்பிக்கும் சுங்க வரி மட்டும் 9.7 லட்சம் ரூபாய். அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மலிவாக விற்றாலும் கடத்துபவருக்கு இலாபமே. அத்தகைய தங்கத்தோடு போட்டியிட வேண்டிய நிலையில், முறையாக வரி செலுத்திய வணிகர் இறக்குமதி விலைக்கும் குறைவாகத் தள்ளுபடியில் விற்க நேர்கிறது. தங்கம் இந்தியாவில் 'தள்ளுபடியில்' விற்கிறது என்ற செய்தியின் பின்னணியில் தேவைக் குறைவும் இருக்கலாம், இதுவும் இருக்கலாம். 6 சதவீத வரியில் அந்த ஆதாயம் 3.9 லட்சமாகச் சுருங்கியது.

ஒரு சவரன் சங்கிலியின் கணக்கு

வரிக்குப் பின் 10 கிராம் சொக்கத்தங்கத்தின் விலை 68,546 ரூபாய். வங்கி, மொத்த வணிகர் ஆகியோரின் பங்காக 154 ரூபாய் சேர்த்து 68,700 என்று கொள்ளலாம். 916 தரத்திலான 8 கிராம் சங்கிலியில், அதாவது ஒரு சவரனில், 7.328 கிராம் சொக்கத்தங்கம் உள்ளது. அதன் விலை 50,343 ரூபாய்.

இனிதான் நகைக்கடையின் பங்கு வருகிறது. செய்கூலி, சேதாரம் இரண்டுக்கும் சேர்த்து 12 சதவீதம் என்றால் 6,041 ரூபாய். இந்த விகிதம் கடைக்குக் கடை, வடிவமைப்புக்கு வடிவமைப்பு மாறும். இயந்திரத்தில் செய்த எளிய சங்கிலிக்குக் குறைவாகவும், கைவேலைப்பாடு மிக்க நகைக்கு மிக அதிகமாகவும் இருக்கும். சேதாரம் என்ற சொல் பட்டறையில் அராவும்போது சிந்தும் தங்கத் தூளைக் குறித்து எழுந்தது. இன்றைய பட்டறைகள் அத்தூளைப் பெருமளவு சேகரித்து மீட்டுவிடுகின்றன. ஆகவே சேதாரம் என்பது பெரும்பாலும் கூலியின் இன்னொரு பெயராகவே நிலைத்திருக்கிறது. செய்கூலி இல்லை என்று விளம்பரம் செய்யும் கடையில் சேதாரத்தின் விகிதத்தைக் கேட்டறிவது அவசியம்.

இறுதியில் 3 சதவீத ஜி.எஸ்.டி 1,692 ரூபாய். இறக்குமதியின்போது செலுத்தப்படும் 3 சதவீத ஜி.எஸ்.டி, உள்ளீட்டு வரி வரவாக அடுத்தடுத்த கட்டங்களில் கழிக்கப்படுவதால் இருமுறை கணக்கில் வருவதில்லை. ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் அதன்மீது 18 சதவீத வரியும் என, மொத்தம் 53 ரூபாய். சங்கிலியின் இறுதி விலை 58,129 ரூபாய்.

அதே சங்கிலியிலுள்ள தங்கத்தின் லண்டன் மதிப்பு 47,328 ரூபாய். லண்டனுக்கும் கடைக்கும் இடையே கூடியது 10,801 ரூபாய். அதில் வார்ப்பு, விமானம், காப்பீடு ஆகியவற்றின் பங்கு 59 ரூபாய். வங்கிக்கும் மொத்த வணிகருக்கும் 113 ரூபாய். சுங்க வரி 2,843 ரூபாய். செய்கூலியும் சேதாரமும் மட்டும் பாதிக்கு மேல். உலகைச் சுற்றி வரும் பயணத்தைவிட, கடைக்குள் நிகழும் கடைசிச் சில அடிகளே விலையை அதிகம் கூட்டுகின்றன.

இத்தொகைகளில் எவை திரும்பக் கிடைக்கும் என்பதிலும் வேறுபாடு உண்டு. அதே சங்கிலியை அன்றே விற்க முயன்றால், கடைக்காரர் வேறு கழிவு எதுவும் செய்யாவிட்டாலும் 50,343 ரூபாய்தான் கிடைக்கும். செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி, ஹால்மார்க் கட்டணம் ஆகியவற்றுக்காகக் கொடுத்த 7,786 ரூபாய் திரும்பாது. சுங்க வரியோ உலோகத்தின் உள்நாட்டு விலையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், விற்பவருக்கு அது மறைமுகமாகத் திரும்பிவிடுகிறது.

அரசு வரியைக் குறைக்கும் நாளில் மட்டும் இக்கணக்கு மாறுகிறது. 15 சதவீத வரி 6 சதவீதமானதால், ஒரு சவரன் நகையில் அடங்கியிருந்த சுமார் 4,265 ரூபாய் மதிப்பு கணக்குப்படி மறைந்தது. பழைய விகிதத்தில் வரி செலுத்திய தங்கத்தைக் கையிருப்பில் வைத்திருந்த நகை வணிகர்களுக்கு, கிலோவுக்கு சுமார் 5.8 லட்சம் ரூபாய் இழப்பு. எம்.சி.எக்ஸ் சந்தையின் விலையில் சுங்க வரியும் அடங்கியிருப்பதால், கையிருப்புக்கு ஈடாக அங்கே முன்பேர விற்பனை செய்து வைத்திருந்தவர்கள் இந்த இழப்பை ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்ள முடிந்தது. நியூயார்க் சந்தையில் டாலர் விலையை மட்டும் பாதுகாத்திருந்தவர்களுக்கு, வரி வித்தியாசத்தைப் பொறுத்தவரை அப்பாதுகாப்பு உதவவில்லை.